வேகம் என்னும் மூடநம்பிக்கை

பட்டிமன்ற மேடையில் ஒருவர் சட்டென்று ஒரு பதில் சொல்லி அரங்கையே சிரிக்க வைத்துவிட்டால், கூட்டம் கலையும்போது காதில் விழுவது அநேகமாக ஒரே பேச்சுதான். "என்ன ஸ்பீடு பாத்தீங்களா? யோசிக்கவே இல்ல சார், வந்து விழுது. அதெல்லாம் பொறப்புலயே வரணும்." பக்கத்தில் இருப்பவர் அதை ஆமோதித்து, நாக்கில் சரஸ்வதி குடியிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார். வண்டியை எடுக்கும்போது இருவருக்கும் மனநிறைவு. அவருக்கு வாய்த்தது, நமக்கு வாய்க்கவில்லை. அதோடு கணக்கு முடிந்தது.

இந்தக் கருத்து பாமரர் கருத்து என்று ஒதுக்கிவிட முடியாதபடி எங்கும் பரவியிருக்கிறது. பள்ளிகளில் சமயோசிதப் போட்டி நடத்துகிறவர்கள் கையில் கடிகாரத்தோடு உட்காருகிறார்கள். பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் தலைப்பைக் கொடுத்து அரை நிமிடத்தில் பேசு என்கிறார்கள். நகைச்சுவையாகப் பேசுகிறவனுக்கு மூளை வேகமாக ஓடுகிறது, மற்றவனுக்கு மெதுவாக ஓடுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான் என்பதே எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். இது தவறு என்பது என் கட்சி. வேகம் என்பது பார்வையாளருக்குத் தெரிகிற பகுதி. அந்தப் பதிலைப் பதிலாக்குவது, மற்றவர்கள் கண்டும் காணாமல் தாண்டிப்போன ஓர் ஒற்றுமையை ஒருவர் நின்று பார்த்திருப்பது.

இதைத் தமிழில் நிரூபிக்கக் காளமேகத்தை விட்டால் வேறு இடம் இல்லை. வேகவாதிகளும் தங்கள் முதல் சாட்சியாக அவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதால், அவரிடமே போவோம்.

காளமேகம் 15ஆம் நூற்றாண்டுக் கவி. ஆசுகவி, அதாவது கேட்டவுடன் பாடுகிறவர் என்று பெயர் பெற்றவர். அவர் கவியான கதை எல்லோருக்கும் தெரிந்ததே. வரதன் என்ற பெயரில் திருவரங்கத்து மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர், திருவானைக்காவில் ஒரு நாள் தூங்கிக்கொண்டிருக்கிறார். வித்தை வேண்டித் தவம் கிடந்த வேறொருவருக்கு அருள வந்த அம்பிகை, வாயிலிருந்த தாம்பூலத்தைத் தர, அந்த ஆள் அருவருத்து மறுக்கிறார். தூக்கக் கலக்கத்தில் இருந்த வரதன் வாயைத் திறக்கிறார். விழித்தெழுந்தால் கவி மழை. பிறகு திருமலைராயன் அவையில், கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே தொங்கும் பலகையில் உட்கார்ந்து, கேட்பவர் கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பாடினார் என்று எமகண்டக் கதை தொடர்கிறது.

அழகான கதைதான். ஆனால் அது செய்கிற காரியத்தைக் கவனிக்க வேண்டும். உழைத்தவனுக்குக் கிடைக்காமல் தூங்கியவனுக்குக் கிடைத்தது என்று சொல்லி, அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காதபடி வாசலை அடைத்துவிடுகிறது. கதை சொன்னவர்கள் மடைப்பள்ளியைக் குறிப்பிட்டுவிட்டு ஒரே தாவலில் தாம்பூலத்துக்குப் போய்விட்டார்கள். அவர் பெயரில் வழங்கும் பாடல்களைப் படித்தால், அவற்றில் தாம்பூலத்தைவிட மடைப்பள்ளியும் தெருவும் களத்துமேடும்தான் அதிகம் இருக்கின்றன.

பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடையாக அமைந்த வெண்பாவை எடுத்துக்கொள்வோம். நாலே அடி. பாம்பு, எள் என்ற இரண்டு பெயரையும் சொல்லி, இரண்டுக்கும் பொருந்துகிற ஐந்து ஒற்றுமைகளையும் அதற்குள் அடக்கியாக வேண்டும். பாடலை இங்கே எடுத்தெழுதவில்லை. அது என்ன செய்கிறது என்பதை மட்டும் வரிசையாகப் பார்க்கலாம்.

முதலாவது, இரண்டும் ஆடிவிட்டுக் குடத்துக்குள் போய்ச் சேர்கின்றன. பாம்பாட்டி மகுடி ஊத, பாம்பு ஆடிவிட்டுத் தன் குடத்துக்குள் அடங்குகிறது. எள் செக்கில் ஆடி, எண்ணெயாகிக் குடத்துக்குப் போகிறது. இரண்டாவது, ஆடும்போது இரண்டும் இரைகின்றன. பாம்பு சீறுகிறது, செக்கு முனகுகிறது. மூன்றாவது, மூடியைத் திறந்தால் முகம் தெரிகிறது. நான்காவது, மண்டைக்கு ஏறினால் பரபரவென்கிறது: எண்ணெயைத் தலையில் தேய்த்தால் ஒரு பரபரப்பு, கடித்த விஷம் தலைக்கு ஏறினால் வேறொரு பரபரப்பு. ஐந்தாவது, எள்ளுக்குப் பிண்ணாக்கு உண்டு. பாம்புக்குப் பிளந்த நாக்கு உண்டு.

இந்த ஐந்தில் சொல்லைப் பிரித்து விளையாடுவது கடைசி ஒன்று மட்டுமே. முதல் நான்கிலும் சொல் உடையவில்லை, பெரிதாக வேறு பொருளுக்கும் தாவவில்லை. ஆடுதல், இரைதல், காட்டுதல், பரபரத்தல் என்று சாதாரண வினைச்சொற்கள், பாம்புக்கும் எண்ணெய்க்கும் கிட்டத்தட்ட அதே பொருளில் பொருந்துகின்றன. இதை எந்த வேகமும் தராது. செக்கடியில் நின்று அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டவனுக்குத்தான் 'இரையும்' என்ற சொல் வரும். குடத்து எண்ணெயில் எட்டிப் பார்த்தவனுக்குத்தான் மூன்றாவது ஒற்றுமை கிடைக்கும்.

அந்த மூன்றாவதுதான் எனக்கு இந்தப் பாட்டின் உச்சம். மூடியைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டுகிறது. எண்ணெய்க் குடத்தைத் திறந்தால் தெரிவது எண்ணெயின் முகமா? எண்ணெய்க்கு ஏது முகம்? குனிந்து பார்க்கிறவரின் முகம் அதில் தெரிகிறது. முகம் யாருடையது என்பது மாறிவிட்டது; காட்டுகிற வேலை மாறவில்லை. எண்ணெய்ப் பானையைத் தினமும் திறக்கிற ஆயிரம் பேர் தங்கள் முகத்தை அதில் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு, கரண்டியை விட்டு எண்ணெயை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். 'இது முகம் காட்டுகிறது' என்று அதை ஒரு செயலாக மனதில் குறித்துக்கொண்ட ஆள் ஒருவர். அந்தக் குறிப்பு கையில் இருந்தால், பாம்பு என்று யாராவது சொன்ன கணத்தில் பாட்டு கட்டுவது எளிது. குறிப்பு இல்லையென்றால் அரை நாள் கொடுத்தாலும் வராது.

இதே பாம்பை ஒரு கயிற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நீளம், இரண்டும் வளையும், இருட்டில் ஒன்றை மற்றொன்றாக நினைத்துப் பயப்படலாம். ஒற்றுமைகள் எல்லாம் உண்மைதான். யாருக்கும் சிரிப்பு வராது. ஏனென்றால் அது எல்லோர் கண்ணிலும் ஏற்கெனவே பட்டது. பாம்பும் எள்ளும் வடிவத்தில், அளவில், வகையில் ஒன்றோடொன்று ஒட்டாதவை. பெயரைச் சொன்னால் ஒட்டாது, உருவத்தைச் சொன்னால் ஒட்டாது. என்ன செய்கின்றன என்று சொன்னால் ஒட்டுகின்றன. காளமேகம் பெயரில் உள்ள நல்ல சிலேடைகளில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். பொருள்களை அவற்றின் வினைகளால் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தது.

எல்லாப் பாட்டும் இந்தத் தரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாயும் தேங்காயும் ஒன்று என்று ஒரு வெண்பா. நாய் ஓடும், தேங்காய்க்கு ஓடு உண்டு. நாய் குலைக்கும், தேங்காய் குலை தள்ளும். இங்கே ஓடு, குலை என்ற சொற்களின் ஒலியே வேலை செய்கிறது. நாயிடமும் தேங்காயிடமும் அவர் கண்டது என்று பார்த்தால், இரண்டுக்கும் உள்பக்கம் வெளுப்பு என்ற ஒன்றுதான். புத்திசாலித்தனமான பாட்டுதான், ஒருமுறை சிரிக்கலாம். பாம்பும் எள்ளும் போல மறுநாள் எண்ணெய் பாட்டிலைத் திறக்கும்போது நினைவுக்கு வராது.

வேகவாதிகள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி போடுவார்கள். இதெல்லாம் சரி, ஆனால் அவர் இதை அவையில் நின்ற நிலையில் பாடினாரே, அதுதானே அதிசயம்? பாடியிருக்கலாம். எத்தனை நொடியில் பாடினார் என்று அளந்தவர் யாரும் இல்லை. தனிப்பாடல்கள் பல தலைமுறை வாய்வழியாகவும் ஏட்டுவழியாகவும் வந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் திரட்டாக அச்சேறின. எந்தப் பாட்டு யாருடையது, எந்த அவையில் பிறந்தது என்பதெல்லாம் பாட்டோடு ஒட்டிக்கொண்ட கதைகள். நம் கையில் உறுதியாக இருப்பது பாட்டு மட்டுமே. அந்தப் பாட்டை நாம் எப்படி அனுபவிக்கிறோம்? பதம் பிரித்து, உரையைப் பார்த்து, 'ஓ, பிண்ணாக்கு என்பது இப்படியா' என்று மெல்ல மெல்லப் புரிந்து சிரிக்கிறோம். நகைச்சுவையின் உயிர் வேகத்தில் இருந்திருந்தால், இத்தனை நூற்றாண்டு கழித்து, இத்தனை மெதுவாகப் படிக்கையில் அது செத்துப்போயிருக்க வேண்டும். சாகவில்லை.

வேகக் கட்சியில் கொஞ்சம் படித்தவர்கள் வேறு வாதம் வைப்பார்கள். அருள் வேண்டாம், வேகமும் வேண்டாம், சொல்வளம்தான் காரணம். பழைய புலவர்கள் நிகண்டுகளை நெட்டுருப் போட்டவர்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்று நிகண்டுகளில் தனித் தொகுதியே உண்டு. அது தலைகீழ்ப் பாடமாக இருந்தால் சிலேடை தானாக வரும்.

வந்ததா? திண்ணைப் பள்ளிக்கூடக் காலம்வரை நிகண்டு நெட்டுரு என்பது பாடத்திட்டம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை ஒப்பித்தார்கள். ஒப்பித்தவர்களில் எத்தனை பேர் சிலேடை பாடிப் பெயர் வாங்கினார்கள்? விரல் விட்டு எண்ணலாம். 'களம்' என்றால் நெல்லடிக்கும் இடம், போர் நடக்கும் இடம் என்று இரண்டு பொருளையும் ஒப்பிப்பது ஒன்று. நெல்லடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு போர்க்களத்தைப் பார்ப்பது வேறு.

அந்த இரண்டாவது காரியத்தைச் செய்கிற பாட்டும் காளமேகம் பெயரில் இருக்கிறது: வைக்கோலும் யானையும். வைக்கோலை வாரிக் களத்தில் அடிக்கிறார்கள். யானை பகைவரை வாரிக் களத்தில் அடிக்கிறது. வைக்கோல் நெற்கோட்டை கட்டப் போகிறது. யானை எதிரியின் கோட்டைக்குள் புகுகிறது. வைக்கோல் போராக நிற்கும்போது அழகு. யானைக்குப் போரில்தான் அழகு. மூன்று ஒற்றுமை, மூன்றிலும் களம், கோட்டை, போர் என்று ஒரே வரிசைச் சொற்கள். இதை மேலோட்டமாகப் பார்த்தால் நிகண்டு வாதம் வென்றுவிட்டது போலத் தோன்றும். மூன்றும் இருபொருள் சொற்கள்தானே?

கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சொற்கள் தனித்தனியாக அகப்பட்டிருந்தால் அது நிகண்டு. இங்கே மூன்று சொல்லும் ஒரே திசையில், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கூட்டமாகப் போகின்றன. அறுவடையின் காட்சி முழுவதும் யுத்தத்தின் காட்சிமேல் போய் அமர்கிறது. அது தற்செயல் இல்லை. தமிழில் நெற்களத்தையும் போர்க்களத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. தொல்காப்பியம் வாகைத்திணையில் ஏரோர் களவழி, தேரோர் களவழி என்று இரண்டையும் அருகருகே வைக்கிறது. போர்க்களத்தைப் பாடிய ஒரு பழைய நூலுக்குக் களவழி நாற்பது என்றே பெயர். அரிவாளால் அறுப்பதும் வாளால் அறுப்பதும், கதிர் குவிவதும் பிணம் குவிவதும் ஒன்றுபோல இருப்பதை முன்பே யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள். சொல்லுக்கு இரண்டு பொருள் கிடைப்பதில் பல வேளை இப்படி ஒரு பழைய பார்வை புதைந்திருக்கும். நிகண்டு அந்தப் பார்வையை இறக்கிவிட்டு, பொருள்களை மட்டும் வரிசைப்படுத்தித் தருகிறது. சிலேடைக்காரன் வரிசையிலிருந்து பார்வைக்குத் திரும்பிப் போகிறான். அங்கே போகத் தெரியாதவனுக்கு நிகண்டு வெறும் பட்டியல்.

இனி வெண்பாவை விட்டுவிட்டு, பேச்சுக்கு வருவோம். பேச்சில் பாட்டுக்கட்டும் அவகாசம் இல்லை. வேகம்தானே அங்கே எல்லாம் என்று சொல்ல வழி இருக்கிறது. நம் காலத்தை ஒட்டி வாழ்ந்த சாட்சி கி.வா.ஜகந்நாதன். 1906இல் பிறந்து 1988இல் மறைந்தவர், உ.வே.சாமிநாதையரின் மாணவர், கலைமகள் ஆசிரியர். அவருடைய சிலேடைப் பேச்சுகள் இன்றும் வாய்வழியாகச் சுற்றிவருகின்றன. சொல்கிறவருக்குத் தக்கபடி விவரங்கள் மாறும், குறும்பு மாறாது.

அதில் ஒன்று. அவரும் நண்பர்களும் போய்க்கொண்டிருந்த கார் வழியில் நின்றுவிடுகிறது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டிய நிலை. கி.வா.ஜ.வும் இறங்கிக் கை கொடுக்க வருகிறார். நீங்கள் தள்ள வேண்டாம் என்று மற்றவர்கள் தடுக்கிறார்கள். "என்னைத் தள்ளாதவன் ஆக்கிவிட்டீர்களே" என்கிறார் அவர்.

இந்தப் பதில் பிறந்த விதத்தைப் பார்ப்போம். அந்த நேரம் அங்கே 'தள்ளு' என்ற சொல் எத்தனை முறை பேசப்பட்டிருக்கும்? தள்ளுங்க, நீங்க தள்ள வேண்டாம், இன்னும் கொஞ்சம் தள்ளு. அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. எல்லோருக்கும் அது ஒரு வேலை. தள்ளாத வயது, தள்ளாமை என்ற வழக்குகள் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாதவையா? நம் வீட்டுப் பாட்டிமார் பேச்சில் தினமும் வருகிறவை. ஆக, சொல்வளத்தில் அவருக்கும் மற்றவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் செய்தது, காதில் விழுந்த வினையை எதிர்மறையில் திருப்பிப் பார்த்தது மட்டுமே. தள்ளு, தள்ளாத, தள்ளாதவன். திருப்பியதும் அது முதுமையில் போய் நிற்கிறது. அவரைத் தடுத்தவர்கள் மனதில் இருந்ததும் அவருடைய முதுமைதான். அவர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டதை அவர்கள் சொல்லாலேயே அவர் எடுத்துச் சொல்லிவிட்டார். ஒரே சொல்லில் இரண்டும் உண்மை: அவர் தள்ளவில்லை, அவருக்கு வயதாகிவிட்டது.

இந்த 'இரண்டும் உண்மை' என்பதுதான் நல்ல சிலேடையை அடையாளம் காண்கிற சோதனை. அவர் சொன்னதாக வழங்கும் இன்னொன்றில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காலையில் ஒரு ஊரில் போய் இறங்குகிறார். வரவேற்றவர்கள் மாலை போடுகிறார்கள். காலையிலேயே மாலை வந்துவிட்டதே என்கிறார். கேட்டவுடன் நடக்க முடியாத ஒன்று சொல்லப்பட்டதாக மனம் ஒரு நொடி இடறுகிறது. காலையில் எப்படி மாலைப்பொழுது வரும்? அடுத்த நொடி கழுத்தில் கிடக்கும் பூமாலை கண்ணில் படுகிறது. முரணும் உண்மை, அதற்கான விடையும் கண்ணெதிரே இருக்கிறது.

இதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சாயங்கால விழாவில் தனக்கு மாலை விழுந்ததும், மாலையில் மாலை என்று அடித்துவிடுவார்கள். சொல் அதே சொல். கூட்டம் மரியாதைக்குக் கைதட்டும். ஏன் சப்பென்று போகிறது என்று பார்த்தால் காரணம் எளிது: சாயங்காலத்தில் மாலை வருவதில் ஒரு முரணும் இல்லை. மனம் இடற இடமில்லை, அதனால் விடையும் இல்லை. மனப்பாடம் செய்தவர் சொல்லின் இரண்டு பொருளை எடுத்துக்கொண்டார். அது காலைப்பொழுதாக இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. இவர் கி.வா.ஜ.வைவிட வேகமாகவே சொல்லியிருக்கக்கூடும், தயாராக வைத்திருந்தாரே.

இன்னும் கீழே ஒரு படி உண்டு. பொன்னாடை போர்த்தினார்கள், முன்னாடை எங்கே, பின்னாடை எங்கே என்று வெறும் எதுகையை அடுக்குவது. அங்கே இரண்டாவது பொருள் என்ற ஒன்றே கிடையாது. இந்த வகைதான் இன்று மேடைகளில் மிக வேகமாகக் கொட்டுகிறது. வேகம்தான் நகைச்சுவை என்றால் இவர்கள்தான் இந்நூற்றாண்டின் காளமேகங்கள்.

எதிர்க்கட்சிக்கு இருக்கிற வலுவான சான்றை மறைக்கக் கூடாது. சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து உளவியலாளர் வில்லியம் வான் ஹிப்பெலும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ரத்தினக் கல்லின் பெயர் சொல்லுங்கள் என்பது போல எல்லோருக்கும் விடை தெரிந்த முப்பது கேள்விகள். எவ்வளவு வேகமாக விடை வருகிறது என்று அளந்தார்கள். வேகமாகச் சொன்னவர்களை அவர்களுடைய நண்பர்கள் அதிக ஈர்ப்புள்ளவர்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அந்த ஈர்ப்பு மதிப்பெண்ணில் நகைச்சுவையும் சமயோசிதமும் அடக்கம். அறிவுத்திறன் மதிப்பெண்ணைக் கழித்துப் பார்த்தபோதும் வேகத்தின் பங்கு நின்றது.

இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அளந்தது என்ன? ஒருவர் நண்பர்கள் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறார் என்பதை. வேகமாகப் பேசுகிறவர் கலகலப்பானவராகத் தோன்றுகிறார். கூட்டம் கலையும்போது நம்மவர்கள் 'என்ன ஸ்பீடு' என்பதும் அதே தோற்றம்தான். மரகதம் என்று நொடிக்குள் சொல்கிறவர் ஒரு சொல்லை விரைவாக எடுக்கிறார். அதில் இரண்டு பொருள்கள் சேரவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சொன்ன நகைச்சுவைகளை எழுத்தில் எடுத்து, யார் சொன்னார் எவ்வளவு விரைவில் சொன்னார் என்று தெரியாதவர்களிடம் படிக்கக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. என் வாதம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

வேகத்துக்குப் பங்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. காரைத் தள்ளி முடித்து, எல்லோரும் ஏறி உட்கார்ந்து, அடுத்த ஊர் வந்தபிறகு 'தள்ளாதவன்' என்றால் அதை விளக்க வேண்டியிருக்கும். விளக்கினால் அது செத்தது. சந்தர்ப்பத்தின் வாசல் சிறிது நேரமே திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் சொல்ல வேகம் வேண்டும். ஆனால் சொல்வதற்கு ஒன்று இருக்க வேண்டுமே.

இங்கே எல்லோரும் தங்கள் அனுபவத்தை நீட்டுவார்கள். எனக்கும் பதில் வருகிறது, ஆனால் ராத்திரி படுத்தபிறகு வருகிறது; ஆக என் குறை வேகம்தானே? மிக நியாயமாகத் தோன்றும் வாதம். அந்த ராத்திரியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பகலில் ஒருவர் உங்களைச் சீண்டினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் உங்கள் பதில் வாக்கியத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். அவமானம் வேறு காதை அடைத்தது. அவர் சொன்னதன் சாரம் மட்டும் உள்ளே போயிற்று, சொற்கள் போகவில்லை. ராத்திரி, கோபம் தணிந்தபின், அவர் பேச்சை மனதுக்குள் மறுபடி ஓட்டுகிறீர்கள். அப்போதுதான் அவர் பயன்படுத்திய சொல் காதில் விழுகிறது. விழுந்த உடனே பதில் வந்துவிடுகிறது. சில நொடிகள்கூட ஆவதில்லை. உங்கள் மூளை மெதுவாக ஓடவில்லை. பகலில் அது வேறு வேலையாக இருந்தது. பதில் தாமதமானதற்குக் காரணம், கேட்டது தாமதமானது.

நன்றாகச் சிலேடை பேசுகிற ஆட்களை அருகிலிருந்து பார்த்தால் ஒன்று தெரியும். அவர்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. பந்தியிலும் திண்ணையிலும் மற்றவர் பேச்சைச் சொல் சொல்லாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். பேச்சின் கருத்து எங்கே போகிறது என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கையில், இவர்கள் எந்தச் சொல்லில் ஏறிப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கி.வா.ஜ. நாடோடிப் பாடல்களையும் பழமொழிகளையும் ஆயுள் முழுக்கத் தேடித் தொகுத்தவர் என்பதை அவருடைய சிலேடைக் கதைகளைச் சொல்கிறவர்கள் ஏனோ சேர்த்துச் சொல்வதில்லை. ஜனங்களின் வாய்ச்சொல்லை வரிவரியாகக் காதில் வாங்கிக் காகிதத்தில் ஏற்றிய ஒருவருக்கு, கார் நின்ற இடத்தில் 'தள்ளு' என்ற சொல் சும்மா கடந்து போகாது.

பிறவி வரம் என்று சொல்லும்போது நாம் அவரைப் புகழ்வதாக நினைத்துக்கொள்கிறோம். அவருடைய உழைப்பில் பாதியை அழித்துவிடுகிறோம். காளமேகத்தின் விஷயத்திலும் தாம்பூலக் கதை செய்தது அதுதான்: எண்ணெய்க் குடத்தில் எட்டிப் பார்த்த கண்களை மறந்து, வாயை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

ஆகவே பள்ளிகளிலும் இலக்கிய மன்றங்களிலும் சமயோசிதப் போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த போட்டியில் கடிகாரத்தை எடுத்து வையுங்கள். ஒட்டாத இரண்டு பொருள்களை முந்தைய நாளே மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்: பிரஷர் குக்கரும் பேருந்தும், கொசுவும் தபாலும், எதுவானாலும் சரி. இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் உண்மையாகப் பொருந்துகிற ஐந்து வினைச்சொற்களோடு மறுநாள் வரச் சொல்லுங்கள். ஒலியால் மட்டும் பொருந்துவதற்கு அரை மதிப்பெண் போதும். யார் முதலில் சொன்னார் என்பதற்கு மதிப்பெண்ணே வேண்டாம்.